சம்பளச் சீட்டில் காணாமல் போன மாதம்

சம்பளச் சீட்டில் நாம் பார்ப்பது பெரும்பாலும் கடைசி வரியைத்தான்: கைக்கு வரும் தொகை எவ்வளவு? அதே சீட்டில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே இன்னொரு பத்தி இருக்கும். YTD என்று அதன் தலையில் அச்சாகியிருக்கும். ஏப்ரல் முதல் இந்த மாதம் வரை சேர்ந்த மொத்தம் அது. நடுவில் ஒரு மாதம் கணக்கில் விடுபட்டிருந்தால், அதைக் காட்டிக்கொடுப்பது இந்தப் பத்திதான்.

ஒரு மாதம் எப்படி விடுபடும்? நிறுவனம் ஆண்டின் நடுவில் சம்பள மென்பொருளை மாற்றுவது வழக்கமான காரணங்களில் ஒன்று. புதிய மென்பொருளுக்குப் பழைய மாதங்களின் கணக்கு தெரியாது. அதனால் அதுவரையிலான மொத்தத்தைத் தொடக்க இருப்பாக ஏற்றுவார்கள். ஜூன் சம்பளம் முடிவதற்கு முன்பே எடுத்த கோப்பை ஜூலையில் ஏற்றிவிட்டால், ஏப்ரலும் மேயும் உள்ளே போகும். ஜூன் வெளியே நிற்கும். சம்பளம் வங்கிக்கு ஒழுங்காக வந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

ஓர் எடுத்துக்காட்டு. 2024-25 நிதியாண்டில் ஒருவருக்கு மாதச் சம்பளம் 80,000 ரூபாய்; அக்டோபரில் உயர்ந்து 88,000. இரவு ஷிப்டுக்கு ஒரு நாளைக்கு 600 ரூபாய் தனி. பி.எஃப். பிடித்தம் மாதம் 1,800. சட்டப்படியான சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். அதில் 12 சதவீதம் இது. அவருடைய நிறுவனம் ஜூலையில் மென்பொருளை மாற்றியது என்று வைத்துக்கொள்வோம்.

ஜூன் சீட்டில் பி.எஃப். மொத்தம் 5,400. ஜூலையில் இன்னொரு 1,800 சேர்ந்து 7,200 ஆகியிருக்க வேண்டும். ஆனால் ஜூலை சீட்டிலும் 5,400 என்றே இருக்கிறது. இந்த மாதப் பத்தியில் 1,800 பிடித்திருக்கிறார்கள், மொத்தமோ ஒரு ரூபாய்கூட நகரவில்லை. முதல் சோதனை இதுதான்: இந்த மாத மொத்தத்திலிருந்து போன மாத மொத்தத்தைக் கழித்தால், இந்த மாதத் தொகை வர வேண்டும்.

இந்தச் சோதனைக்கு ஒரு குறை உண்டு. ஆகஸ்ட் சீட்டில் மொத்தம் 7,200. அதிலிருந்து 5,400 போனால் 1,800, சரியாக வருகிறது. செப்டம்பரிலும் சரி, அக்டோபரிலும் சரி. பிழை தெரிவது ஜூலை சீட்டில் மட்டும். அதைக் கவனிக்காமல் விட்டால் பிறகு எத்தனை முறை கழித்துப் பார்த்தாலும் பிடிபடாது. குறை அப்படியே ஒவ்வொரு மாதமும் கூடவே வரும்.

எனவே இரண்டாவது சோதனை தேவை. இதற்கு முந்தைய சீட்டு எதுவும் வேண்டாம். மாதாமாதம் மாறாத ஒரு வரியை எடுத்து, மொத்தத்தை மாதத் தொகையால் வகுக்க வேண்டும். சம்பளம் உயர்ந்தாலும் 1,800-ஐத் தாண்டாத பி.எஃப். இதற்குத் தோதானது. டிசம்பர் சீட்டில் பி.எஃப். மொத்தம் 14,400. 1,800-ஆல் வகுத்தால் 8. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை விரல்விட்டு எண்ணினால் 9. ஒரு மாதம் இல்லை. அடிப்படைச் சம்பளம் முழுவதற்கும் பி.எஃப். பிடிக்கும் நிறுவனமாக இருந்தால், சம்பள உயர்வுக்கு முன்னும் பின்னும் தனித்தனியாகக் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

எந்த மாதம் என்பதை மாறும் வரிகள் சொல்லும். சம்பள வரியில் 6 மாதத்துக்கு 80,000, 3 மாதத்துக்கு 88,000 என்று 7,44,000 வர வேண்டும். சீட்டில் 6,64,000. குறைவது 80,000, ஆகவே விடுபட்டது அக்டோபருக்கு முந்தைய மாதங்களில் ஒன்று. அடுத்து ஷிப்ட் படி. டிசம்பர் வரை அவர் பார்த்தது 32 இரவுகள். 19,200 ரூபாய் இருக்க வேண்டிய இடத்தில் 16,200 இருக்கிறது. குறைவது 3,000, அதாவது 5 இரவுகள். அவர் 5 இரவு வேலை பார்த்த மாதம் ஜூன் ஒன்றுதான். மாதம் அகப்பட்டுவிட்டது.

எல்லா வேறுபாடும் பிழை ஆகாது. நடுவில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு எண்ணிக்கை சேர்ந்த மாதத்திலிருந்துதான் தொடங்கும். சம்பளமில்லா விடுப்பு எடுத்த மாதத்தில் தொகை குறையும். தமிழ்நாட்டில் தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை கணக்கிடப்படுவதால், அந்த வரியை மாதங்களை எண்ணப் பயன்படுத்தக் கூடாது. பல வரிகளில் ஒரே மாதத்தின் தொகை சேர்ந்தாற்போல் குறைந்தால்தான் மாதமே விடுபட்டது என்று பொருள்.

இனி முக்கியமான கேள்வி: விடுபட்டது எழுத்து மட்டுமா, பணமுமா? மூன்று இடங்களில் பார்க்கலாம். வங்கிக் கணக்கில் ஜூன் சம்பளம் வந்திருக்கிறதா? பி.எஃப். பாஸ்புக்கில் ஜூன் சம்பள மாதத்துக்கான வரவு இருக்கிறதா? நிறுவனம் அதை ஜூலை 15-க்குள் கட்டியிருக்க வேண்டும். பாஸ்புக்கின் ஆண்டு மொத்தத்தைச் சீட்டின் மொத்தத்தோடு ஒப்பிட வேண்டாம். மார்ச் சம்பளத்தின் பி.எஃப். ஏப்ரலில் கட்டப்படுவதால் இரண்டும் ஒரு மாதம் தள்ளியே நிற்கும். மாதத்தின் பெயரைத் தேடிப் பார்ப்பதே சரி. மூன்றாவது, படிவம் 26ஏஎஸ். ஜூன் வரையிலான காலாண்டுக்கு நிறுவனம் கணக்குத் தாக்கல் செய்த பிறகு, ஜூனில் பிடித்த வருமான வரி அதில் தெரியும்.

மூன்றிலும் ஜூன் இருந்தால் பணம் பத்திரமாக இருக்கிறது. அதற்காகப் பிழையை விட்டுவிட முடியாது. இதுவரையிலான மொத்தத்தோடு மீதி மாதங்களின் சம்பளத்தைச் சேர்த்துத்தான் மென்பொருள் ஆண்டு வருமானத்தை மதிப்பிட்டு வரி பிடிக்கிறது. ஜூனின் 83,000 ரூபாயும் அதன் கண்ணில் படவில்லை. புதிய வரிமுறையில் 2024-25-க்கு இவருடைய வருமானத்தின் மேல்பகுதி 10 சதவீதத் தட்டில் வருகிறது. 4 சதவீத செஸ்ஸையும் சேர்த்தால், 83,000-க்கு உரிய வரி 8,632 ரூபாய் மதிப்பீட்டிலிருந்து நழுவிவிடுகிறது. ஜூனில் பிடித்த வரியும் மென்பொருளுக்குத் தெரியாததால் அதில் ஒரு பகுதி ஈடாகும். மீதி, ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது இவர் கையிலிருந்து போகும். படிவம் 16-இல் உள்ள சம்பளமும் வங்கியில் வந்த சம்பளமும் ஒத்துப்போகாது.

சம்பளப் பிரிவுக்கு எழுதும்போது மே, ஜூன், ஜூலை சீட்டுகளை இணைத்து, எந்த வரியில் எவ்வளவு குறைகிறது என்று எழுதினால் போதும். தொடக்க இருப்பைத் திருத்தச் சொல்லிக் கேட்பது அவசியம். சில சமயம் குறையும் தொகையை அடுத்த மாதச் சீட்டில் நிலுவை என்று சேர்த்துவிடுவார்கள். மொத்தம் சரியாகிவிடும், ஆனால் அதை மென்பொருள் புதிய சம்பளமாக எண்ணி, ஏற்கெனவே பிடித்த ஜூன் பி.எஃப்.-ஐ மறுபடி பிடிக்கக்கூடும்.

இதற்கு ஏற்ற நேரம் டிசம்பர் அல்லது ஜனவரி சீட்டு. அப்போது திருத்தினால், மீதி மாதங்களில் வரி சிறுசிறு தொகையாகப் பிரிந்து பிடிக்கப்படும். மார்ச்சில் திருத்தினால் பாக்கி முழுவதும் ஒரே மாதத்தில் விழும். அதையும் தவறவிட்டு, ஆண்டுக் கணக்கு தாக்கலாகிப் படிவம் 16 கைக்கு வந்துவிட்டால், நிறுவனம் திருத்தக் கணக்குத் தாக்கல் செய்த பிறகுதான் புதிய படிவம் தர முடியும்.