பொய்ப் புகாரால் பூட்டப்பட்ட கடை



கோவில்பட்டி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன தீப்பெட்டியும் கடலை மிட்டாயுமே. கரிசல் மண்ணின் நிலக்கடலையும் வெல்லப்பாகும் கூடிப் பிறக்கும் அம்மிட்டாய்க்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று பேருந்து நிலையக் கடைகளில் மட்டுமல்லாது, இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கங்கள் வழியாகவும் அது விலைபோகின்றது. வீட்டிலிருந்தபடியே மிட்டாயும் எள்ளுருண்டையும் செய்து விற்கும் பெண்கள் பலருக்கு அந்தப் பக்கமே கடை. அதன் வாயிலாக வரும் செய்திகளே வாடிக்கையாளர் வரிசை.

அந்தக் கடையை வெளியிலிருந்தே பூட்டிவிட ஒருவரால் முடியுமா? முடியும். போட்டியாளர் ஒருவர் தம் ஆட்களையும் போலிக் கணக்குகளையும் கொண்டு ஒரே வேளையில் பொய்ப் புகார்களைக் குவித்தால், கணக்கு முடங்கிப் போவதுண்டு. இது வெறும் அச்சமன்று. 2020 செப்டம்பரில் அமெரிக்காவின் சியாட்டில் நகர நீதிமன்றத்தில் ஆறு பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அமேசான் தளத்தில் விற்போருக்கு ஆலோசகர்களாக இருந்த அவர்கள், நிறுவனத்தின் ஊழியர்களுக்கும் ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் 1,00,000 டாலருக்கு மேல் கையூட்டுக் கொடுத்தனர் என்பதும், போட்டி வணிகர்களின் கணக்குகளையும் பொருள் பக்கங்களையும் முடக்கச் செய்தனர் என்பதும் குற்றச்சாட்டு. அவ்வழக்கில் தொடர்புடையோருள் ஹைதராபாத் அலுவலகத்தில் பணியாற்றியோரும் இருந்தனர். கடல் கடந்த பெருஞ்சந்தையில் நிகழ்ந்தது, சிறிய அளவில் நம்மூர்ச் சந்தையிலும் நிகழக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். தாயும் மகளுமாகக் கடலை மிட்டாய் விற்கும் ஒரு குடும்பம். நோன்புப் பெருநாளுக்குப் பத்து நாள் முன்பு, முன்பின் அறியாத நாற்பது கணக்குகள் ஒரே இரவில் அவர்களைப் பின்தொடர்கின்றன. படமோ பெயரோ ஒழுங்காக இல்லாத அக்கணக்குகளிலிருந்து, ‘பணம் வாங்கிக்கொண்டு பொருள் அனுப்பவில்லை’ என்ற ஒரே வாசகம் பதிவுகளின் கீழே வரிசையாக விழுகின்றது. மூன்றாம் நாள் காலையில், மோசடி தொடர்பான விதியை மீறியதாகக் கூறிக் கணக்கு நிறுத்தப்படுகின்றது. இனி அவர்கள் செய்யத்தக்கது யாது?

முதலில், பூட்டு எவ்விதமானது என்று அறிதல் வேண்டும். புகார்கள் இருவகைப்படும். ஒன்று, மோசடி, ஆபாசம், வெறுப்புப் பேச்சு என்பன போன்ற விதிமீறல் புகார். இதைக் கொடுத்தவர் யார் என்பதை நிறுவனம் தெரிவிப்பதில்லை. புகார்களின் எண்ணிக்கையைக் கொண்டு முடிவு செய்வதில்லை என்று இன்ஸ்டாகிராம் கூறுகின்றது. ஆயினும் புகார் பெருகப் பெருக, இயந்திரச் சோதனையோ அவசரமாகப் பார்க்கும் பணியாளரோ தவறு செய்யும் வாய்ப்பும் பெருகுகின்றது. போட்டியாளர் நம்புவது அந்தத் தவற்றைத்தான்.

மற்றொன்று, பதிப்புரிமை அல்லது வணிகக் குறி மீறப்பட்டதாகக் கூறும் புகார். இதற்கு எண்ணிக்கை தேவையில்லை. ஒரு புகாரே ஒரு பதிவை நீக்கிவிடும், அடுத்தடுத்து வந்தால் கணக்கே போகும். ஆனால் இதில் புகார் கொடுத்தவர் தம் பெயரையும் முகவரியையும் தந்தாக வேண்டும். நிறுவனம் அனுப்பும் அறிவிப்பில் புகார் எண்ணும் கொடுத்தவரின் பெயரும் தொடர்பு முகவரியும் இருக்கும். அந்த அறிவிப்பைப் பத்திரப்படுத்துங்கள். பொய்ப் புகாரில் எதிரி தன் கைப்பட விட்டுச் செல்லும் தடயம் பெரும்பாலும் இது ஒன்றே.

இவ்வேறுபாட்டை அறிய, கணக்கின் அமைப்புகளில் Account Status என்னும் பகுதியைத் திறந்து பாருங்கள். எந்தப் பதிவு, எந்த விதி, எந்த நாள் என்பது அங்கே காணப்படும். மின்னஞ்சலில் வந்த எச்சரிக்கையை மட்டும் நம்பிவிடாதீர்கள். ‘பதிப்புரிமை மீறல், இவ்விணைப்பை அழுத்துக’ என்று கடவுச்சொல்லைப் பறிக்கும் போலி மடல்களும் இதே வேளையில் வருவதுண்டு.

இரண்டாவது, ஆவணம். மேல்முறையீடு எழுதுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ஏனெனில் போலிக் கணக்குகள் தம் வேலை முடிந்ததும் மறைந்துவிடும். நிறுத்த அறிவிப்பை, நாளும் நேரமும் தெரியும்படி முழுத் திரையாகப் படம் பிடியுங்கள், ஓரங்களை வெட்டாதீர்கள். பொய்க் கருத்துகளையும் அவற்றை இட்ட கணக்குகளின் பெயரையும் இணைய முகவரியையும் தனித்தனியே படம் பிடியுங்கள். கணக்கு நிறுத்தப்பட்டுவிட்டால், உறவினர் ஒருவரின் கைப்பேசி வழியாக அக்கணக்குகளைப் பார்த்துப் படமெடுக்கலாம். பிறகு ஒரு நோட்டில் நான்கு பத்தி வரைந்து, நாள், நேரம், நிகழ்ந்தது, அதற்குரிய படத்தின் எண் என்று எழுதி வாருங்கள். நாற்பது கணக்குகள் ஒரே இரவில் வந்தன, ஒரே வாசகத்தை எழுதின, மூன்றாம் நாள் கணக்கு நின்றது என்ற வரிசை அந்நோட்டில்தான் தெளிவாகத் தெரியும். தனித்தனிப் படங்கள் அதைச் சொல்லா.

அடுத்து, உங்கள் நேர்மைக்கான சான்றுகள். உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று, உத்யம் பதிவு, கடந்த இரு மாதங்களில் பொருள் அனுப்பிய கூரியர் ரசீதுகள், அவற்றுக்குரிய பணவரவுகள் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். புகாரே ‘பொருள் அனுப்பவில்லை’ என்பதாக இருக்கையில், கூரியர் ரசீதைவிட வலுவான மறுப்பு வேறில்லை. ‘போலிக் கோவில்பட்டி மிட்டாய்’ என்று புகார் எழுந்தால், புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் என்ற பதிவு உங்களுக்கு உண்டா என்பதே கேள்வியாகும். ஊர்ப் பெயரை வணிகத்துக்குப் பயன்படுத்துவோர் அப்பதிவை முன்னதாகவே பெற்றிருத்தல் நன்று. உங்கள் படத்தை வேறொருவர் தமதென்று கூறினால், கைப்பேசியில் உள்ள மூலப்படத்தை மாற்றாமல் காட்டுங்கள். எடுத்த நாளும் நேரமும் அதனுள்ளேயே பதிவாகியிருக்கும்.

மூன்றாவது, மேல்முறையீடு. கணக்கைத் திறக்க முயலும்போது தோன்றும் அறிவிப்பிலேயே முடிவை மறுப்பதற்கான வழி இருக்கும். நிறுத்தப்பட்ட கணக்குக்கு 180 நாள் வரை அவகாசம் உண்டு. எனினும், காலம் கடத்துவதால் பயனில்லை. அடையாளச் சான்றோ முகத்தைக் காட்டும் காணொளியோ கேட்கப்படலாம். அதில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும். எழுதுவதற்கு இடம் தரப்பட்டால் அழுகையும் சாபமும் வேண்டாம். இவ்வாறு எழுதலாம்:

‘இக்கணக்கு இந்நாளில், மோசடி விதியின் கீழ் நிறுத்தப்பட்டது. நாங்கள் பதிவு பெற்ற உணவுத் தொழில் செய்வோர். கடந்த 60 நாளில் பெற்ற எல்லா ஆர்டர்களுக்கும் பொருள் அனுப்பிய ரசீதுகள் உள்ளன. இந்நாள் இரவு 40 புதிய கணக்குகள் ஒரே வாசகத்தை எழுதின. அவற்றுள் எதுவும் எங்களிடம் பொருள் வாங்கியதன்று. மனிதர் ஒருவர் மறுபரிசீலனை செய்யுமாறு வேண்டுகிறோம்.’

விதி, நாள், மறுப்பு, சான்று, வேண்டுகோள் ஆகிய ஐந்தும் இதில் அடங்கிவிட்டன. போட்டியாளர் பெயர் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஐயம் சான்றாகாது, பெயர் குறிப்பிட்டு வெளியில் எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் மீதே திரும்பும்.

இது மறுக்கப்பட்டால் சட்டம் தரும் படி ஒன்று உண்டு. 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை அமர்த்தி, அவருடைய பெயரையும் தொடர்பு முகவரியையும் தன் தளத்தில் வெளியிட வேண்டும். முறையீடு கிடைத்ததை அவர் 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். அதைத் தீர்ப்பதற்கு அவ்விதிகளில் முதலில் வைக்கப்பட்ட கெடு 15 நாள்; ஆகவே அதற்கு மேலும் நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. அவரது முடிவு மனநிறைவு தராவிடில், அது கிடைத்த 30 நாளுக்குள் நடுவண் அரசு அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் செல்லலாம். 2022 அக்டோபரில் விதிகள் திருத்தப்பட்டு, 2023-இல் நடைமுறைக்கு வந்த இக்குழுவின் தளம் gac.gov.in என்பது. எல்லாம் இணைய வழியே நடைபெறுவதால் டெல்லிக்குச் செல்ல வேண்டியதில்லை. முறையீட்டை 30 நாளுக்குள் தீர்க்கக் குழு முயல வேண்டும் என்பது விதி. குறைதீர் அலுவலரிடம் முதலில் செல்லாமல் இங்கே செல்ல இயலாது. ஆதலால் நீங்கள் அனுப்பிய மடலையும் வந்த பதிலையும் நாளுடன் பாதுகாத்து வையுங்கள்.

இதன் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். குழுவின் வேலை கணக்கைப் பற்றியது. இழந்த பெருநாள் வியாபாரத்துக்கு அது ஈடு தராது. நேரே உச்ச நீதிமன்றம் செல்வதும் எளிதன்று. தம் வாட்ஸ்அப் கணக்கு முடக்கப்பட்டதாக ஒரு மருத்துவர் தொடுத்த மனுவை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தனியார் நிறுவனத்துக்கு எதிராக அடிப்படை உரிமை மனு எவ்வாறு செல்லும் என்று கேட்டது. இழப்பீடு வேண்டுவோர், புகார் கொடுத்தவர் யாரென நிறுவ முடிந்தால், உரிமையியல் நீதிமன்றத்தையே நாட வேண்டும். அங்கே திரைப்படங்களை மட்டும் கொடுத்தால் போதாது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கோரும் சான்றிதழும் அவற்றுடன் இணைக்கப்பட வேண்டும். ஆதலால் மூலப்படங்கள் உள்ள கைப்பேசியை விற்கவோ அழிக்கவோ கூடாது.

செய்யக்கூடாதவை மூன்று. ஒன்று, உடனே புதுக் கணக்குத் தொடங்குவது. தடையைத் தாண்ட முயன்றதாகக் கருதப்பட்டு அதுவும் போகலாம், பழைய முறையீடும் வலுவிழக்கும். இரண்டு, நண்பர்களைத் திரட்டி எதிரியின் மீது புகார் குவிப்பது. அப்போது நீங்களும் அதே குற்றத்தைச் செய்தவராவீர்கள். மூன்று, ‘இரண்டாயிரம் தாருங்கள், கணக்கை மீட்டுத் தருகிறேன்’ என்பவரிடம் கடவுச்சொல்லையோ குறியெண்ணையோ கொடுப்பது. அவ்வாறு பணம் பறிபோய்விட்டால் 1930 என்ற எண்ணில் உடனே தெரிவியுங்கள்.

கணக்கு இன்று நலமாக இருப்போர், இவ்வாரமே Export your information என்ற பகுதியின் வழியாகத் தம் பதிவுகளின் நகலை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர்களின் பெயரையும் எண்ணையும், அவர்தம் இசைவுடன், ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பக்கம் பூட்டிக் கிடக்கும் நாட்களிலும் அந்நோட்டைக் கொண்டு பெருநாள் ஆர்டரை அனுப்பிவிட முடியும்.