திறப்பு விழா நோட்டீஸில் ஒரு தேதி

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் சின்ன ஊர்களின் கடைத்தெருவில் புதுக்கடைகள் வரிசையாகத் திறக்கும். அவற்றில் ஒன்றாவது தையல் கடையாக இருக்கும். இப்போது பெயர்ப்பலகையில் 'ஸ்டூடியோ' என்று போடுகிறார்கள். கண்ணாடிக் கதவு, உடை மாட்டிய பொம்மை, ட்ரையல் பார்க்க ஒரு மறைப்பு என்று கடையும் பார்க்க லட்சணமாகவே இருக்கிறது. திறப்புக்கு ஒரு வாரம் முன்பு வாட்ஸ்அப்பிலும், செய்தித்தாளுக்குள் செருகிய நோட்டீஸிலும் அறிவிப்பு வந்துவிடும். மேலே பிள்ளையார், நடுவில் மணப்பெண் கோலத்தில் ஒரு படம், கீழே மூன்று வரி: நேர்த்தியான தையல், நியாயமான கட்டணம், குறித்த நேரத்தில் டெலிவரி.

இந்த மூன்று வரியையும் எந்த ஊரில் எந்தக் கடையும் போடலாம். படிக்கிற பெண்ணுக்கு இதில் புதிதாக ஒன்றும் தெரிவதில்லை. ப்ளவுஸ் தைக்கக் கொடுக்கிறவர் மனதில் இருப்பது இரண்டே கேள்விகள்தான். சொன்ன நாளில் கிடைக்குமா? போட்டால் சரியாக இருக்குமா? நல்ல அறிவிப்பு இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை நோட்டீஸ் அச்சடிக்கிறவர் எழுத முடியாது. கடைக்குள் உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஒரு கடையை வைத்துப் பார்ப்போம். கடைக்கார அம்மாவே அளவு எடுத்து வெட்டுகிறார். மெஷினில் இரண்டு பேர். ஹெம்மிங், ஹூக், முடிச்சு போன்ற கைவேலைக்கு ஒருவர். லைனிங் வைத்த ப்ளவுஸ் ஒன்றைக் கைதேர்ந்தவர் தைத்து முடிக்கக் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் ஆகும். டீ, சாப்பாடு, நூல் மாற்றுவது, ஊசி உடைவது எல்லாம் போக ஒருவர் நாளுக்கு ஐந்து தைத்தால் அதுவே நல்ல வேகம். இரண்டு பேருக்குப் பத்து. கைவேலைக்காரரும் பத்து ப்ளவுஸை முடித்துவிடுவார் என்றே வைத்துக்கொள்வோம்.

ஆனால் இந்தப் பத்தை அப்படியே நம்பக் கூடாது. புதுக்கடைக்கு வருகிற ஒவ்வொரு உடம்பும் புது உடம்பு. பழைய அளவுப் புத்தகம் என்று எதுவும் கிடையாது. அதனால் முதல் இரண்டு மாதம் ஆல்ட்ரேஷன் நிறையத் திரும்பி வரும். பிரித்து மறுபடி தைப்பது புதிதாகத் தைப்பதை விடப் பொறுமை கேட்கிற வேலை. மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துவார்கள். அன்று மோட்டார் மெஷின் காலையிலிருந்து சும்மா கிடக்கும். இதையெல்லாம் கழித்தால் நாளுக்கு எட்டு ப்ளவுஸ் என்பதுதான் கடையின் உண்மையான கொள்ளளவு. வாரம் ஆறு நாளைக்கு நாற்பத்தெட்டு.

இப்போது நோட்டீஸுக்கு வருவோம். 'திறப்பு விழாச் சலுகை, முதல் மூன்று நாட்களுக்கு 20 சதவீதம் தள்ளுபடி, மூன்றே நாளில் டெலிவரி' என்று போட்டாயிற்று. கூட்டம் வருகிறது. மூன்று நாளில் 120 ப்ளவுஸ் சேர்ந்துவிட்டது. நாளுக்கு எட்டு வீதம் தைத்தால் கடைசி ப்ளவுஸ் வெளியே வரப் பதினைந்து வேலை நாள் ஆகும். அதாவது இரண்டரை வாரம். முதல் இருபத்து நான்கு பேருக்குப் பிறகு வந்தவர்கள் எல்லோருக்கும் மூன்று நாள் என்பது, சீட்டு எழுதும்போதே நடக்காத தேதி. அவர்கள் நான்காம் நாள் வருவார்கள். "நாளைக்கு வாங்கக்கா" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். மறுநாளும் வருவார்கள். புதுக்கடைக்கு ஊருக்குள் கெட்ட பெயர் வருவது பெரும்பாலும் தையல் மோசம் என்பதால் அல்ல. இந்த அலைச்சலால்தான்.

இன்னொன்றும் உண்டு. அளவு எடுத்து, கழுத்து மாடல் பேசி, சீட்டு எழுத ஓர் ஆளுக்குக் கால் மணி நேரம் ஆகும். கூட்டம் வந்த மூன்று நாளும் கடைக்கார அம்மா இஞ்ச் டேப்போடு நின்றுகொண்டே இருப்பார். வெட்ட நேரம் இருக்காது. வெட்டித் தந்தால்தான் மெஷின் ஓடும். ஆர்டர் குவிந்த நாளில் மெஷின் சும்மா இருப்பது இப்படித்தான். சலுகை அறிவித்த பல கடைகள் தடுமாறுவது இந்த இடத்தில்.

ஆகவே அறிவிப்பில் எந்தச் சலுகை போடலாம் என்பதையும் இதே கணக்கு சொல்லிவிடும். 'ப்ளவுஸ் தைத்தால் சேலைக்கு ஃபால்ஸ் இலவசம்' என்பது கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் ஃபால்ஸின் இரண்டரை மீட்டர் நீளத்தையும், சேலையில் தையல் தெரியாதபடி, கையால் பிடிக்க வேண்டும். அந்தச் சுமை முழுவதும் ஏற்கெனவே நாளுக்குப் பத்தே முடிக்கிற ஒரே ஒரு கைவேலைக்காரர் மீது விழும். அதற்குப் பதிலாக, 'அவசரம் இல்லாமல் மூன்று வாரம் கழித்து வாங்கிக்கொள்கிறவர்களுக்குத் தள்ளுபடி' என்று போட்டுப் பாருங்கள். கூட்டமும் வரும், வேலையும் பரவும். பண்டிகையோ கல்யாணமோ கையில் இல்லாதவர்கள் சந்தோஷமாகத் தேதியை விட்டுக்கொடுப்பார்கள்.

இரண்டாவது கேள்வி, சரியாக இருக்குமா என்பது. 'கச்சிதமான ஃபிட்டிங்' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதைக் கொடுக்கும் முன் யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. வாடிக்கையாளரே வீட்டில் திருப்பிப் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய வாக்கைத்தான் அறிவிப்பில் போட வேண்டும். உதாரணத்துக்கு ஒன்று: 'இரண்டு பக்கவாட்டிலும் உள்ளே ஒரு இஞ்ச் துணி விட்டுத் தைக்கிறோம்'. ப்ளவுஸை உள்புறம் திருப்பினால் இது கண்ணுக்குத் தெரியும். உடம்பு கொஞ்சம் போட்டாலும், தங்கைக்குக் கொடுத்தாலும், அந்தத் துணிதான் கைகொடுக்கும். துணி மிச்சம் பிடிக்க அரை இஞ்சோடு நிறுத்திவிட்ட பட்டு ப்ளவுஸை அப்புறம் யாராலும் பெரிதாக்க முடியாது.

'லைனிங் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுகிறோம்' என்பது இன்னொன்று. பருத்தி லைனிங் முதல் துவைப்பில் சுருங்கும், மேல்துணி சுருங்காது. நனைக்காமல் தைத்த ப்ளவுஸைத் துவைத்து எடுத்தால் மேல்துணி அங்கங்கே சுருக்கம் விழுந்து உப்பிக்கொண்டு நிற்கும், அளவும் பிடிக்கும். இதை இஸ்திரி போட்டுச் சரிசெய்ய முடியாது. இந்த ஒரு வரியை நோட்டீஸில் பார்க்கிற விவரம் தெரிந்த பெண், கடைக்காரருக்குத் தொழில் தெரியும் என்று புரிந்துகொள்வார்.

அளவு சரியாக வர வாடிக்கையாளரும் செய்ய வேண்டியது உண்டு. அதையும் அறிவிப்பிலேயே சொல்லிவிடலாம். நம் ஊரில் பழைய ப்ளவுஸ் ஒன்றை அளவுக்கென்று கொடுத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். அனுபவமுள்ள தையல்காரர் அதைக் கையில் வாங்கியதும், "அக்கா, இதைக் கடைசியா எப்ப போட்டீங்க?" என்றுதான் முதலில் கேட்பார். இரண்டு வருடம் முன்பு தைத்து, பலமுறை துவைத்து, நெகிழ்ந்துபோன பருத்தி ப்ளவுஸின் அளவில் புதுப் பட்டு ப்ளவுஸ் தைத்தால் அது பிடிக்கத்தான் செய்யும். பட்டு நெகிழ்ந்து கொடுக்காது. ஆகவே அளவு ப்ளவுஸும் வேண்டும், உடம்பில் எடுத்த அளவும் வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தைப் பேசித் தீர்த்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். வழக்கமாக அணியும் உள்ளாடையோடு வந்து அளவு கொடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான். அது மாறினால் மார்பு அளவும் டக் பிடிக்கிற இடமும் மாறிவிடும்.

ட்ரையல் பார்க்கும்போது கண்ணாடி முன் நேராக நின்றுவிட்டு "சரியா இருக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். கையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். தூக்கும்போது ப்ளவுஸ் முழுவதும் மேலே ஏறினால், கைக்குழி அளவுக்கு மேல் கீழே இறங்கிவிட்டது என்று பொருள். இந்த இடத்தில் பலர், கை பிடிக்கிறது, குழியை இன்னும் இறக்குங்கள் என்று கேட்பார்கள். இறக்கினால் இன்னும் மோசமாகும். குழி அக்குளுக்கு அருகில் இருந்தால்தான் கை தனியாக அசையும். இறங்க இறங்கக் கையோடு சேர்ந்து உடலும் இழுபடும். இதைப் பொறுமையாகச் சொல்லிப் புரியவைக்கிற கடையில் ஆல்ட்ரேஷன் தானாகக் குறையும். 'ட்ரையல் பார்த்த பிறகே டெலிவரி, முதல் ஆல்ட்ரேஷனுக்குக் கட்டணம் இல்லை' என்ற வரியை அறிவிப்பில் தைரியமாகப் போடவும் முடியும்.

கட்டணத்தில் பலரையும் சங்கடப்படுத்துவது 'முதல்' என்ற ஒட்டு. '200 ரூபாய் முதல்' என்று நோட்டீஸில் பார்த்து வந்தவர் லைனிங், பைப்பிங், முடிச்சுக் கயிறு எல்லாம் சேர்ந்து 550 ரூபாய் பில்லைப் பார்க்கும்போது ஏமாந்த உணர்வோடுதான் பணத்தை எடுப்பார். அதிகம் பேர் தைக்கிற ஒரு ப்ளவுஸை எடுத்துக்கொண்டு, லைனிங் துணியும் ஹூக்கும் சேர்த்து மொத்தம் இவ்வளவு, கழுத்தில் பைப்பிங் வேண்டுமென்றால் கூட இவ்வளவு என்று முழு விலையாகப் போடுவது நேர்மை. விலை கூடுதலாகத் தெரியுமே என்று கடைக்காரர்கள் பயப்படுகிறார்கள். பில் போடும்போது வருகிற வாக்குவாதத்துக்கு அந்தப் பயம் எவ்வளவோ தேவலை.

இதில் சட்டமும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தையல் போன்ற சேவைக்கும் பொருந்தும். சேவையைப் பற்றிப் பொய்யாக விவரிப்பதும், பொய் உத்தரவாதம் தருவதும், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் அடங்கும். பில் தராமல் இருப்பதும் அந்தச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. ஆகவே சீட்டில் தேதி, தொகை, முன்பணம் மூன்றும் இருக்க வேண்டும். கூடவே துணியின் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டை வெட்டி ஸ்டேப்லர் அடித்துவிட்டால், ஒரே நிறத்தில் நான்கு பச்சை ப்ளவுஸ் வந்து கிடக்கும் நாளில் எது யாருடையது என்ற குழப்பம் வராது.

தீபாவளிக்கு வருவோம். ஆவணி நடுவில் திறக்கிற கடைக்கு அதற்குள் ஏறக்குறைய எட்டு வாரம் இருக்கும். வாரம் 48 என்றால் மொத்தம் 384. கடைசி வாரத்தை ட்ரையலுக்கும் ஆல்ட்ரேஷனுக்கும் விட்டுவிட்டால் 336. இடையில் வருகிற கல்யாண வீட்டு அவசரத்துக்கு ஒரு முப்பத்தாறைக் கழித்தால் 300. இந்த முந்நூறுதான் அறிவிப்பில் ஏற வேண்டிய எண். அந்தக் கடை இப்படி எழுதலாம்:

'ஆவணி மாத நல்ல நாளில் எங்கள் தையல் ஸ்டூடியோவைத் திறக்கிறோம். நாளுக்கு எட்டு ப்ளவுஸ் தைப்போம். உங்கள் தேதி சீட்டில் எழுதித் தரப்படும். லைனிங்கை நனைத்துத்தான் வெட்டுவோம், பக்கவாட்டில் ஒரு இஞ்ச் துணி உள்ளே விடுவோம். நன்றாகப் பொருந்துகிற ப்ளவுஸ் ஒன்றை அளவுக்கு எடுத்து வாருங்கள். உடம்பிலும் அளவு எடுப்போம். ட்ரையல் பார்த்து வாங்குங்கள். தீபாவளிக்கு 300 ப்ளவுஸ் எடுப்போம். அது நிறைந்ததும் பலகையில் எழுதிவிடுவோம். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்குக் கார்த்திகைத் தேதிதான் தர முடியும்.'