உஷார்! ஆபரேஷன் முடிந்த அன்றே கவலை தீர்ந்துவிடாது

கருத்தடை முறைகளை ஒப்பிட்டுக் காட்டும் துண்டுப்பிரசுரத்தைத் தம்பதிகள் கையில் கொடுத்தால், கண் நேராகப் போவது ஒரே ஒரு கட்டத்துக்குத்தான். எது எத்தனை சதவீதம் பலன் தரும் என்கிற கட்டம். ஆண் கருத்தடை ஆபரேஷனுக்கு நேரே 99-க்கும் மேல் என்று பார்த்ததும் மனசு நிம்மதியாகித் தாளை மடித்துப் பையில் வைத்துவிடுகிறார்கள். அதே வரிசையின் கடைசியில் பொடி எழுத்தில் 'தொடர் கவனிப்பு' என்று இன்னொரு கட்டம் இருக்கிறது. அதைப் படிக்காமல் விட்டதால் ஒரு குடும்பம் உடையப் பார்த்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். குடும்பநல ஆலோசகராக இருந்த வருஷங்களில் என்னால் மறக்க முடியாத வழக்கு அது.

கணவர் லாரி ஓட்டுநர், வயது 34. மனைவிக்கு இரண்டு குழந்தைகளும் சிசேரியன். "இனிமே அவ வயித்துல கத்தி படவேணாம், நானே பண்ணிக்கிறேன்" என்று அவராகவே முன்வந்தார். நம் நாட்டில் இது எவ்வளவு அபூர்வம் என்பதற்கு ஒரு கணக்கு: 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களில் 100க்குக் கிட்டத்தட்ட 38 பேர் தாங்களே ஆபரேஷன் செய்துகொண்டிருக்கிறார்கள். கணவர் செய்துகொண்டது 1000க்கு 3தான். அப்படிப்பட்ட மனிதர் அவர்.

ஜனவரி 10ஆம் தேதி தழும்பில்லாத வாசக்டமி நடந்தது. தையல்கூடக் கிடையாது, சின்னத் துளைதான். அன்றே வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு மூன்று நாள் வலியும் லேசான வீக்கமும் இருந்தன, அதுவும் வடிந்தது. ஒரு வாரம் கழித்து, இனி எதற்கு என்று ஆணுறையை நிறுத்திவிட்டார்கள். பிப்ரவரி 14 மனைவிக்கு மாதவிலக்கு வந்தது. மார்ச்சில் வரவில்லை. 20ஆம் தேதி வீட்டிலேயே சிறுநீர் அட்டையில் பார்த்தார். இரண்டு கோடு.

மாமியார் கேட்ட கேள்வியை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை. கணவர் எதுவும் கேட்கவில்லை, ஆனால் நாலு நாள் பேசவும் இல்லை. என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது அந்தப் பெண் சொன்னது இதுதான்: "அக்கா, எம்புள்ளைங்க மேல சத்தியமா நான் ஒரு தப்பும் பண்ணலக்கா."

காலண்டரை எடுத்து அவர்கள் எதிரிலேயே எண்ணினேன். பிப்ரவரி 14இல் இருந்து சுமார் இரண்டு வாரம் தள்ளினால், கரு உண்டான நாள் பிப்ரவரி 28ஐ ஒட்டி வருகிறது. ஜனவரி 10இல் இருந்து அது 49 நாள், அதாவது ஏழே வாரம். வாசக்டமி பலனுக்கு வர ஆகும் காலம் மூன்று மாதம்!

காரணம் ரொம்ப எளிது. ஆபரேஷனில் விந்தணு வரும் குழாயை வெட்டிக் கட்டுகிறார்கள். வெட்டிய இடத்துக்கு மேலே, குழாயின் மீதிப் பகுதியில் ஏற்கெனவே வந்து சேர்ந்த விந்தணுக்கள் அப்படியே இருக்கும். மோட்டாரை நிறுத்தினாலும் பைப்பில் நிற்கிற தண்ணீர் வருகிற மாதிரி, அவை கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறித் தீர வேண்டும். அதனால் மூன்று மாதம் முடியும்வரை ஆணுறையோ மனைவிக்கு வேறு முறையோ கட்டாயம். மூன்று மாதம் முடிந்ததும் விந்துப் பரிசோதனை செய்து, விந்தணு இல்லை என்று எழுதி வாங்கினால்தான் ஆபரேஷன் பலித்தது என்று அர்த்தம். நாள் கணக்கு மட்டும் போதாது, பரிசோதனை ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

மார்ச் 27 அன்று அவருக்கு அந்தப் பரிசோதனையைச் செய்யவைத்தோம். குறைந்த எண்ணிக்கையில் விந்தணு இன்னும் இருந்தது. ரிப்போர்ட்டை அவரே இரண்டு தரம் படித்தார். பிறகு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மே மாதம் திரும்பப் பார்த்தபோது ஒன்றும் இல்லை. அதாவது ஆபரேஷனில் குறையே இல்லை. குறை இருந்தது அந்த மூன்று மாதத்தில்தான். டிஸ்சார்ஜ் சீட்டில் 'மூன்று மாதம் கழித்து வரவும்' என்று எழுதியிருந்தது. எதற்கு வர வேண்டும், அதுவரை என்ன செய்ய வேண்டும் என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

வாசக்டமிக்குப் பிறகு மனைவி உண்டானால் முதலில் பரிசோதிக்க வேண்டியது கணவரை. மூன்று மாதம் தாண்டிய பிறகும், மிக அரிதாக, வெட்டிய குழாய் தானாகச் சேர்ந்துகொள்வது உண்டு. ரிப்போர்ட் வரும்முன் வீட்டில் ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரக் கூடாது.

அடுத்த எச்சரிக்கை உயிர் சம்பந்தப்பட்டது. பெண் கருத்தடை ஆபரேஷன் செய்தவர்களில் முதல் வருஷத்தில் 1000க்குச் சுமார் 5 பேர் கருத்தரிக்க வாய்ப்பு உண்டு. காப்பர்-டி வைத்தவர்களிலும் ஏறக்குறைய அப்படித்தான், நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. நல்ல முறைகள்தான் இரண்டும். ஆனால் அந்தச் சிலருக்குக் கரு உண்டாகும்போது, கர்ப்பப்பைக்கு வெளியே கருக்குழாயிலேயே தங்கிவிடும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். குழாய் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். வெளியே சில சொட்டுதான் தெரியும்.

கொடுமை என்னவென்றால், "எனக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சே" என்ற நம்பிக்கையில் அந்தப் பெண்ணே இதைச் சந்தேகிக்க மாட்டார். கேஸ் என்று ஓம தண்ணீர் குடிப்பார், சூட்டு வலி என்று வெந்தயம் போட்டுக்கொள்வார். மாதவிலக்கு தள்ளிப்போயோ வழக்கமில்லாத கசிவோடோ அடிவயிற்றில், பெரும்பாலும் ஒரு பக்கமாக, வலி வந்தால் கர்ப்பப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். கூடவே தலைசுற்றல், மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. போகிற இடத்தில் முதல் வார்த்தையாக "ஆபரேஷன் ஆகியிருக்கு" அல்லது "காப்பர்-டி இருக்கு" என்று சொல்லுங்கள்.

காப்பர்-டியில் இன்னொன்று. அது சத்தமில்லாமல் நழுவி விழுந்துவிடலாம், குறிப்பாகப் பிரசவத்தின்போதே வைத்தவர்களுக்கு. வைத்த ஆறாவது வாரத்தில் ஒருமுறை காட்டி, நூல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது அதனால்தான். முதல் சில மாதங்கள் உதிரப்போக்கும் வலியும் கூடுதலாக இருக்கும், பிறகு பெரும்பாலும் குறையும். அரசு ஆஸ்பத்திரியில் வைப்பதில் ஒரு வகை 10 வருஷம், இன்னொரு வகை 5 வருஷம். எது வைத்தார்கள், எந்தத் தேதி என்கிற அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.

இனி ஊசிக்கும் மாத்திரைக்கும் வருவோம். துண்டுப்பிரசுரத்தில் பலன் என்று ஒரே ஓர் எண் போட்டிருந்தால் அதை முழுசாக நம்பிவிடாதீர்கள். இரண்டு எண்கள் உண்டு. ஒரு நாள், ஒரு தேதி தவறாமல் பயன்படுத்தினால் வருவது ஒன்று. நம்மைப் போன்ற மனிதர்கள் மறதியோடும் வேலையோடும் பயன்படுத்தும்போது வருவது மற்றொன்று. ஆணுறையைத் தவறாமல் பயன்படுத்தினால் வருஷத்தில் நூறு பேரில் 2 பேர் கருத்தரிப்பார்கள், நடைமுறையில் 13. மூன்று மாத ஊசியில் ஒருவருக்கும் குறைவு, நடைமுறையில் 4. எதுவுமே பயன்படுத்தாவிட்டால் 85. ஆணுறையின் எண்ணைப் பார்த்து அதை ஒதுக்கவும் வேண்டாம். பால்வினை நோயையும் எச்.ஐ.வி.யையும் தடுப்பது இந்தப் பட்டியலில் அது ஒன்றுதான். முறையைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, எங்கள் வீட்டு நடைமுறையில் இதைத் தவறாமல் செய்ய முடியுமா என்பதே.

அரசு தரும் 'சாயா' மாத்திரையில் நான் அதிகம் பார்த்த தவறு ஒன்று உண்டு. வாரம் ஒரு மாத்திரை என்று காதில் விழுந்ததை வைத்து முதல் நாளிலிருந்தே வாரம் ஒன்றாகப் போடுகிறார்கள். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு போட வேண்டும். மாதவிலக்கின் முதல் நாள் ஞாயிறு என்றால், அன்று ஒன்று, புதன்கிழமை ஒன்று. இப்படியே மூன்று மாதம். நாலாவது மாதத்திலிருந்துதான் ஞாயிறு மட்டும். ஓரிரு நாள் மறந்தால் நினைவு வந்ததும் போட்டுக்கொண்டு, அடுத்த மாதவிலக்கு வரை ஆணுறையும் சேர்க்க வேண்டும். ஏழு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய கணக்கு செல்லாது, புதிதாகத் தொடங்குகிறவர் மாதிரி மறுபடி வாரம் இரண்டு. இதில் ஹார்மோன் இல்லை, பால் கொடுப்பவர்களும் போடலாம். மாதவிலக்கு தள்ளிப்போவது இதன் பக்கவிளைவு. ஆனால் 15 நாளுக்கு மேல் தள்ளினால் மாத்திரையின் வேலை என்று இருந்துவிடாமல் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்யுங்கள். சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களும் சமீபத்தில் மஞ்சள்காமாலை வந்தவர்களும் முதலிலேயே அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

'அந்தரா' ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. தேதி தவறினால் நாலு வாரம் வரை அவகாசம் உண்டு. அதையும் தாண்டினால் கர்ப்பம் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஊசி. ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. முதலில் முறையற்ற உதிரப்போக்கு, போகப்போக மாதவிலக்கே நிற்பது, இரண்டும் எதிர்பார்க்க வேண்டியவை. கெட்ட ரத்தம் உள்ளே தேங்குகிறது என்று பயந்து பாதியில் நிறுத்துகிறார்கள். அப்படி எதுவும் தேங்குவதில்லை. ஆனால் அடுத்த வருஷமே குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் யோசிக்க வேண்டும். கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிக்கும் நிலை திரும்ப 7 முதல் 10 மாதம் வரை ஆகலாம்.

வீட்டில் அந்தத் துண்டுப்பிரசுரம் இருந்தால் இன்றைக்கே எடுத்துக் கடைசிக் கட்டத்தைக் கணவனும் மனைவியும் சேர்ந்து படியுங்கள். அதில் இருக்கும் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். வாசக்டமி செய்துகொண்டு இதுவரை விந்துப் பரிசோதனைக்குப் போகாதவர்கள், நாளைக்கே போங்கள். ரிப்போர்ட் வரும்வரை ஆணுறையை விடாதீர்கள். சந்தேகம் என்றால் 104க்குப் பேசுங்கள். ஆபரேஷனோ காப்பர்-டியோ உள்ள பெண் அடிவயிற்று வலியோடு மயங்கினால், யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.