அளந்து பின்னிய ஸ்வெட்டரைத் திருப்பித் தந்தால்

டீயைக் கையில் எடுத்துக்கொள் தங்கச்சி, ஆறிவிடப் போகிறது. பதில் எழுத இன்னும் நேரம் இருக்கிறது.

மே மாதம் கொடைக்கானலுக்கு வந்த மதுரை அக்கா, வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் மகனுக்கு ஸ்வெட்டர் ஆர்டர் கொடுத்தார். விலை 3,600 ரூபாய், பாதி முன்பணம். நெஞ்சுப் பக்கம் பையனின் இனிஷியல் வேண்டும் என்றார். ஜூலையில் கூரியரில் அனுப்பினாய். இப்போது வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது: “இறுக்கமா இருக்கு, வேண்டாம். பணத்தைத் திருப்பி அனுப்பிடுங்க.” உனக்குக் கை பதறுகிறது. உடனே “ஆர்டர் கொடுத்துச் செய்தது, திருப்பி வாங்க மாட்டோம்” என்று எழுதத் தோன்றுகிறது. அதை இப்போது எழுதாதே. அந்த வரியைச் சொல்லும் தகுதி நமக்கு இருக்கிறதா என்பதே இன்னும் தெரியவில்லை.

‘இறுக்கமா இருக்கு’ என்ற வார்த்தைக்குப் பின்னால் இரண்டில் ஒன்று இருக்கும். ஸ்வெட்டர் சொன்ன அளவில் வரவில்லை, அல்லது சொன்ன அளவில்தான் வந்திருக்கிறது, பையன் வளர்ந்துவிட்டான். முதலாவது நம் தவறு. குறையுள்ள பொருளைத் திருப்பி வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் போட்ட கெடுவுக்குள் தரவேண்டும். கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளைக்குள். சுவரில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று எழுதி வைத்திருப்பது இதிலிருந்து காப்பாற்றாது. ஆர்டரின் பேரில் செய்ததுதானே என்ற பேச்சும் எடுபடாது; சொன்ன அளவுக்குச் செய்யவில்லை என்பதே அங்கே குறை.

இரண்டாவது வேறு கதை. குறை எதுவும் இல்லாத பொருளை, மனம் மாறியதற்காகத் திருப்பித் தரும் பொதுவான உரிமை நம் நாட்டில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கியதை 14 நாளைக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம். அங்கேயும் வாங்குபவர் சொன்ன அளவுக்கும் அடையாளத்துக்கும் ஏற்பச் செய்த பொருளுக்கு அந்த உரிமை கிடையாது. இன்னொருவர் பையனின் இனிஷியல் போட்ட ஸ்வெட்டரை வேறு யாருக்கு விற்பது? அந்த நியாயம் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

அதனால் முதலில் அளக்க வேண்டும். அக்காவிடம் பணிவாக ஒரு போட்டோ கேள். ஸ்வெட்டரை மேசைமேல் இழுக்காமல் விரித்து, கைக்குழிக்கு ஓர் அங்குலம் கீழே இஞ்ச் டேப் வைத்து எடுக்கச் சொல். வரும் எண்ணை இரண்டால் பெருக்கினால் மார்புச் சுற்றளவு. கூடவே இன்னொரு போட்டோ, பின்னல்மேல் டேப் வைத்து நெருக்கமாக. ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று எண்ணுவதற்கு. இது ஏன் என்றால், ஆர்டர் சீட்டில் நீ எழுதியிருப்பது: உடம்பு 36, ஸ்வெட்டர் 39. மாதிரித் துண்டில் அங்குலத்துக்கு ஐந்தரைக் கண்ணி வந்தது, அதை வைத்து 214 கண்ணி போட்டாய். பின்னியவரின் கை கொஞ்சம் இறுகி அங்குலத்துக்கு ஆறு கண்ணி விழுந்திருந்தால், அதே 214 கண்ணி முப்பத்தாறு அங்குலத்துக்கும் குறைவாகிவிடும். கண்ணிக் கணக்கு சரி, ஊசி சரி, ஆனால் ஸ்வெட்டர் பையன் உடம்பளவுக்கே இருக்கும், உள்ளே சட்டை போட இடம் இருக்காது. பின்னியவர் கையில் நேர்ந்த இந்தத் தவறை வாங்கியவர் தலையில் போடக்கூடாது.

சீட்டில் வெறும் ‘மார்பு 36’ என்று மட்டும் எழுதியிருந்தாலும் நான் உன் பக்கம் பேச மாட்டேன். அது உடம்பளவா, ஸ்வெட்டர் அளவா என்று கேட்டு எழுதுவது நம் வேலை. நல்லவேளை, இரண்டையும் எழுதி அக்காவின் கையெழுத்தும் வாங்கியிருக்கிறாய்.

போட்டோ வந்தது. பாதிச் சுற்று பத்தொன்பதரை, ஆக 39. அங்குலத்துக்கு ஐந்தரைக் கண்ணி. பையனின் மார்பு இப்போது எவ்வளவு என்று கேட்டாய், 39 என்றார். இரண்டே மாதத்தில் அப்படி வளர முடியுமா என்று கேட்காதே. பழைய சட்டையை வைத்து மே மாதத்தில் அளவு சொல்லியிருப்பார். அதைத் தோண்டினால் அவருக்குக் கூச்சம்தான் மிஞ்சும், உனக்கு ஒன்றும் கிடைக்காது.

இப்போது ‘முடியாது’ என்று சொல்லலாம். மறுப்பை நடுவில் புதைக்காமல் முதலிலேயே சொல். “பார்க்கலாம்”, “முதலாளியிடம் கேட்கிறேன்” என்று இழுத்தால் அவர் காத்திருப்பார், பிறகு வரும் மறுப்பு ஏமாற்றியது போல இருக்கும். அடுத்தது, இறுக்கத்தை எப்படித் தீர்ப்பது. அதற்கு ஸ்வெட்டரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

நான் முதலில் சொல்வது பட்டை போடுவது. இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, அக்குளிலிருந்து அடிவரை ஒன்றரை அங்குல அகலத்தில் பக்கத்துக்கொரு பட்டை பின்னி நடுவில் தைத்தால் மூன்று அங்குலம் கூடும். 39 என்பது 42 ஆகிவிடும், பையனுக்குச் சரியாக இருக்கும். கைமேற்பகுதியும் பிடித்தால் பட்டையைக் கைக்குள்ளும் கொஞ்சம் நீட்டவேண்டும். இதற்கு அதே சாய லாட்டின் நூல் வேண்டும். அதே நிறப் பெயரில் புதுக் கண்டு வாங்கினாலும் வெயிலில் பட்டை தனியாகத் தெரியும். ஒவ்வொரு ஆர்டரிலும் ஒரு கண்டு மிச்சம் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

முழுதாகப் பிரித்து மறுபடி பின்னவும் முடியும். பிரித்த நூல் சுருள்சுருளாக நிற்கும். சிட்டமாகச் சுற்றி நனைத்து, கனம் கட்டித் தொங்கவிட்டால் நேராகும். ஆனால் உழைப்பு மொத்தமும் இரண்டாம் முறை, அதை இலவசமாகத் தர உனக்குக் கட்டாது. அவர் வெந்நீரில் துவைத்திருந்தால் கம்பளி ஒன்றோடொன்று பிணைந்து கட்டியாகியிருக்கும், பிரிக்கவே வராது. துவைத்தாரா என்று கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, சின்னப் பையன் யாராவது வீட்டில் இருந்தால் இனிஷியலை மாற்றித் தருவது. பின்னல்மேல் ஊசியால் போட்ட எழுத்து என்பதால் பிரித்தெடுக்க வரும். பின்னலோடு சேர்த்துப் போட்டிருந்தால் வராது.

எழுதுவது இப்படி இருக்கலாம்:

“வணக்கம் அக்கா. போட்டோ அனுப்பியதற்கு நன்றி. ஸ்வெட்டர் சீட்டில் எழுதியபடி 39 இருக்கிறது, பின்னலும் மாதிரித் துண்டு போலவே இருக்கிறது. தம்பி பேர் போட்டு அவர் அளவுக்கே பின்னியது என்பதால் பணத்தைத் திருப்பித் தர முடியாத நிலையில் இருக்கிறோம். அவர் போட முடியாமல் போவது எங்களுக்கும் வருத்தம். இரண்டு பக்கமும் பட்டை வைத்து 42 ஆக்கித் தரலாம், நூல் எங்களிடம் இருக்கிறது. கூலி வாங்கவில்லை, கூரியர் செலவு மட்டும் உங்களுடையது. அவர் கிளம்பும் தேதி சொன்னால் அதற்குள் முடித்து அனுப்புகிறோம். வேறு பையனுக்குக் கொடுப்பதாக இருந்தால் எழுத்தை மாற்றித் தருகிறோம். எது வசதி என்று சொல்லுங்கள்.”

‘எங்கள் பாலிசி’ என்ற சொல்லே இதில் இல்லை, பார்த்தாயா. காரணத்தை அவருடைய ஸ்வெட்டரை வைத்தே சொல்லியிருக்கிறோம். பிரித்துப் பின்னுவதையும் எழுதவில்லை. பட்டை வேண்டாம் என்றால் மட்டும் கூலியோடு சொல்.

அதன்பிறகும் அவர் கோபப்பட்டு 1915க்குப் போன் செய்வேன் என்றால், வாதாடாதே. அது தேசிய நுகர்வோர் உதவி எண், கேட்க அவருக்கு உரிமை உண்டு. பில், கையெழுத்துப் போட்ட சீட்டு, மாதிரித் துண்டு, இரண்டு போட்டோ, இந்தப் பதில் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வை. கேட்டால் அதையே அனுப்பிவிடலாம். மிச்சக் கண்டை மட்டும் அதோடு சேர்த்து வைக்காதே, அந்துப்பூச்சி ஏறும். தனியாக டப்பாவில் மூடி வை.