பல்லவி திரும்பி வரும்போது படம் என்ன செய்யும்?

ஒரு தனியிசைப் பாட்டுக்கு வீடியோ எடுக்கும் முன் இயக்குநர் எழுதிக் கொடுப்பதை ‘ட்ரீட்மென்ட்’ என்கிறார்கள். பாட்டின் எந்தப் பகுதியில் திரையில் என்ன தெரியும் என்பதைச் சொல்லும் சில பக்கங்கள் அவை. காசு போடுகிறவரும் ஒளிப்பதிவாளரும் எடிட்டரும் பிடித்துக்கொள்ள இருப்பது அந்தத் தாள்கள்தான். புதிதாக எழுதுபவர்களின் ட்ரீட்மென்ட்டைப் படித்தால் ஒரு விஷயம் தவறாமல் தெரியும். முதல் பல்லவிக்குப் பிரமாதமான காட்சி இருக்கும், முதல் சரணத்துக்கு வரிக்கு வரி படம் இருக்கும். அதற்கு அப்புறம் ‘மீண்டும் பல்லவி – மாண்டாஜ்’, ‘இடையிசை – டான்ஸ்’ என்று இரண்டு சொல்லோடு முடிந்துவிடும். கதை எழுதியவர் சரணத்தின் சொற்களைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். சொல் தீர்ந்ததும் வழியும் தீர்ந்துவிட்டது.

நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். முதலில் பல்லவி எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். அடுத்து, சொல்லே இல்லாத இடங்களைப் பாருங்கள். இவற்றுக்குப் படம் கிடைத்துவிட்டால் சரணம் தன்னால் அமையும். சரணத்தில் சொற்களே பாதி வேலையைச் செய்துவிடுகின்றன.

ஒரு பாட்டைக் கற்பனை செய்துகொள்வோம். வேகம் 96 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 96 தட்டு. நாலு தட்டு ஒரு ‘பார்’. ஒரு பாருக்கு இரண்டரை வினாடி, எட்டு பாருக்கு 20 வினாடி. முன்னிசை 10 வினாடி. பல்லவி 20, முதல் இடையிசை 20, முதல் சரணம் 40, திரும்பவும் பல்லவி 20. இரண்டாவது இடையிசை 30, இரண்டாவது சரணம் 40. கடைசியில் பல்லவி இரண்டு முறை சேர்ந்து 40, முடிவிசை 10. மொத்தம் 3 நிமிடம் 50 வினாடி. பல்லவி மட்டும் 80 வினாடி எடுத்துக்கொள்கிறது, சொல்லில்லாத இசை 70 வினாடி. ட்ரீட்மென்ட்டில் ‘மாண்டாஜ்’, ‘டான்ஸ்’ என்று தள்ளிவிட்ட பகுதிகள் பாட்டில் பாதிக்கு மேல் என்பது இப்படி எழுதிப் பார்க்கும்போதுதான் உறைக்கும்.

இந்தப் பாட்டின் பல்லவி, கதவைச் சாத்த வேண்டாம், இன்னும் ஒரு ஆள் வர வேண்டியிருக்கிறது என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். நான்கு முறையும் அதே சொல், அதே மெட்டு. கேட்பவருக்கு அது அலுப்பதில்லை, பல்லவி திரும்புவதற்காகத்தான் காது காத்திருக்கிறது. கண் அப்படியில்லை. ஒருமுறை பார்த்ததை அப்படியே மறுபடி காட்டினால் கை போனை நோக்கிப் போய்விடும். சரி, ஒவ்வொரு பல்லவிக்கும் ஒரு புது இடம், புது உடை என்று போனால்? அப்போது பல்லவி திரும்பி வந்ததே கண்ணுக்குத் தெரியாது. காதுக்கு வீடு திரும்பிய உணர்வு, கண்ணுக்கு வேறு ஊர்.

இந்தச் சிக்கலை மிக நேர்த்தியாக அவிழ்த்த வீடியோ ஒன்று உண்டு. ஆஸ்திரேலியப் பாடகி கைலி மினோக்கின் ‘கம் இன்டு மை வேர்ல்ட்’ பாட்டுக்கு 2002-இல் பிரெஞ்சு இயக்குநர் மிஷெல் கோந்த்ரி எடுத்தது. பாரிஸை ஒட்டிய ஒரு நாற்சந்தியில் கைலி ஒரு சுற்று நடந்து, தொடங்கிய இடத்துக்கே வருகிறார். அங்கே இன்னொரு கைலி புறப்படுகிறார். இப்போது இரண்டு பேர் நடக்கிறார்கள். அடுத்த சுற்றில் மூன்று, அதற்கடுத்து நான்கு. தெருவில் போகிறவர்களும் கூடவே பெருகுகிறார்கள். கேமரா ஒவ்வொரு சுற்றிலும் அதே பாதையில் அதே வேகத்தில் போனால்தான் இந்தப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்த முடியும். அதற்காக, அசைவைக் கணினியில் பதிந்து அச்சு மாறாமல் திரும்பச் செய்யும் ‘மோஷன் கன்ட்ரோல்’ கருவியைப் பயன்படுத்தினார்கள். வித்தையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அதிலுள்ள யோசனை. பாட்டு சுற்றி வருகிறது, படமும் சுற்றி வருகிறது. ஆனால் படம் எதையும் மறப்பதில்லை, போன சுற்றில் நடந்தது இந்தச் சுற்றிலும் கிடக்கிறது.

நம் கதவுப் பாட்டுக்கு மோஷன் கன்ட்ரோலுக்கெல்லாம் காசு கிடையாது. ஒரு முக்காலி போதும். பல்லவிக்கு ஒரே ஒரு ஃப்ரேம்: வீட்டுக்குள்ளே தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில் கேமரா, நேர் எதிரே திறந்த வாசல், அதற்கப்பால் தெரு. முதல் பல்லவியில் ஒன்பது வயதுச் சிறுமி தூண் ஓரம் உட்கார்ந்திருக்கிறாள், வேலை முடிந்து அம்மா வர வேண்டும். இரண்டாவது பல்லவியில் அதே தூண் ஓரம் அம்மா. இப்போது வர வேண்டியவள் மகள். சொல் ஒன்றுதான், சொல்கிற ஆள் மாறிவிட்டார். மூன்றாவதில் வீட்டைக் காலி செய்கிறார்கள், தச்சர் கதவையே கீலிலிருந்து கழற்றுகிறார். சாத்த வேண்டாம் என்று சொன்ன கதவே இல்லை. நான்காவதில் வெறும் வாசல். மூன்று முறை அசையாமல் இருந்த கேமரா இப்போது முதல் தடவையாக முன்னே நகர்ந்து வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போகிறது. கேமராவை முதல் பல்லவியிலேயே நகர்த்தியிருந்தால் இந்த நகர்வுக்கு ஒரு மதிப்பும் இருக்காது. இருப்பதில் நல்ல ஷாட்டை முதல் 30 வினாடிக்குள் செலவழித்துவிடுவதுதான் ட்ரீட்மென்ட்டுகளில் நான் அதிகம் பார்க்கும் ஊதாரித்தனம்.

பாடகர் முகம் தெரிய வேண்டும் என்று இசை நிறுவனம் கேட்கும், கேட்காமல் இருக்காது. அவரை எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார வைக்கலாம். வாசல் வழியாகத் தூரத்தில் தெரிவார். வீட்டில் இருப்பவர்களுக்கு வயதாகும், அவருக்கு ஆகாது. உதட்டசைவு அவருக்கு மட்டும்தான், கதை மாந்தர் யாரும் வாயசைக்க மாட்டார்கள். இதை எழுதி வைக்காவிட்டால் படப்பிடிப்பில் யாராவது ஒருவர் ‘அம்மாவும் ஒரு வரி பாடட்டுமே’ என்பார். பாடினால் இரண்டாவது பல்லவி அங்கேயே உடைந்துபோகும்.

இடையிசைக்கு வருவோம். அதை என்ன செய்வது என்று தமிழ் சினிமாவுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சிறுவனின் ஓடும் கால்களைக் காட்டி, இசை முடிவதற்குள் அவனை வாலிபனாக்கியவர்கள் நம் ஆட்கள். ‘அண்ணாமலை’யிலும் ‘சூர்யவம்ச’த்திலும் ஒரே பாட்டில் ஹீரோ பணக்காரராவதைக் கிண்டல் செய்கிறோமே தவிர, சொல் நிற்கும் இடத்தில் காலத்தை ஓடவிடலாம் என்ற கணக்கு அதில் சரியாக இருக்கிறது. பாடும்போது வருடங்களைத் தாண்டினால் பார்ப்பவர் சொல்லையும் கவனிக்க வேண்டும், யார் இவர் என்றும் யோசிக்க வேண்டும். இடையிசையில் அந்த நெருக்கடி இல்லை.

ஆகவே நம் முதல் இடையிசையின் எட்டு பாரில் எட்டுப் பொங்கல். வாசலுக்கு நேர் மேலிருந்து ஒரு பாருக்கு ஒரு கோலம், ஒவ்வொன்றும் இரண்டரை வினாடி. முதல் கோலத்தில் அம்மாவின் கை, பக்கத்தில் பிஞ்சுக் கை. நடுவில் இரண்டு கையும் சேர்ந்து இழுக்கின்றன. எட்டாவதில் மகளின் கை மட்டும். ஒன்பது வயதுப் பெண் பதினேழு வயதோடு சரணத்துக்குள் போகிறாள். எட்டையும் ஒரே நாளில் எடுத்துவிடலாம். தரையைக் கழுவிக் காயவைக்கும் நேரத்தைத்தான் உதவி இயக்குநர் அட்டவணையில் சேர்க்க வேண்டும், பலர் மறப்பது அதைத்தான்.

இரண்டாவது இடையிசை வேறு மாதிரி. முதல் நாலு பார் தவில் மட்டும், பிறகு எட்டு பார் புல்லாங்குழல். இங்கே வாத்தியத்தையே படமாக்கலாம். கோந்த்ரியின் இன்னொரு வீடியோ இதற்கு நல்ல பாடம். டாஃப்ட் பங்க் இரட்டையரின் ‘அரவுண்ட் தி வேர்ல்ட்’, 1997. பாட்டில் தலைப்பைத் தவிர வேறு சொல்லே கிடையாது. அவர் ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு ஆட்டக் குழுவை ஒதுக்கினார்: குரலுக்கு ரோபோக்கள், பேஸ் கிதாருக்குப் படியேறி இறங்கும் விளையாட்டு வீரர்கள், கீபோர்டுக்கு டிஸ்கோ பெண்கள், கிதாருக்கு எலும்புக்கூடுகள், தாளத்துக்கு மம்மிகள். ஒரு ஒலி நின்றால் அந்தக் குழுவும் நிற்கும். பார்த்து முடித்தபின் பாட்டைத் தனியாகக் கேட்டாலும் பேஸ் எங்கே ஏறி இறங்குகிறது என்று தெரிகிறது.

நம் பெண் வேலைக்குப் போனது திருப்பூருக்கு. தவிலுக்குத் தையல் மெஷின். ஊசி இறங்குவது, பெடலில் கால் அழுத்துவது, துணி நகர்வது எல்லாம் தட்டில் விழ வேண்டும். 96 பிபிஎம்மில் வினாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் ஒரு தட்டுக்குச் சரியாக 15 ஃப்ரேம் வரும், எடிட்டருக்கு மிச்சம் விழாத கணக்கு. வேகத்தை 100 ஆக்கினால் 14.4 ஃப்ரேம். பாதகமில்லை, ஆனால் ஒரு தட்டின் நீளத்தை முழு ஃப்ரேமாக வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டே போகக்கூடாது. ஒவ்வொரு வெட்டையும் ஒலியலையில் தட்டு விழும் இடத்தில் தனித்தனியாக வைக்க வேண்டும், இல்லையென்றால் நாலாவது பாரில் படம் தாளத்தைவிட்டு விலகியிருப்பது தெரியும். தவில் நின்று குழல் வரும் இடத்தில் மெஷின்களும் நிற்கின்றன. வெட்டே இல்லாமல் எட்டு பார், அதாவது 20 வினாடி, ஊருக்குத் திரும்பும் ராத்திரி பஸ்ஸின் ஜன்னலில் ஒரே ஷாட். தட்டுக்குத் தட்டு வெட்டிய நாலு பார் முன்னால் இருப்பதால்தான் இந்த நீளம் மூச்சுவிட்ட மாதிரி இருக்கும். பாட்டு முழுக்கத் தட்டுக்குத் தட்டு வெட்டினால் கொஞ்ச நேரத்தில் வெட்டு என்றே தோன்றாது.

சரணங்களைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல வேண்டும். பாட்டு நிலா என்றால் நிலாவைக் காட்டாதீர்கள். காதில் விழுந்ததைக் கண்ணும் சொன்னால் ஒன்று வீண். முதல் சரணம் ஊரைப் பற்றிப் பாடட்டும், படத்தில் அவள் பெட்டி கட்டட்டும்.

எழுதி முடித்ததும் பல்லவிக்கு எழுதிய காட்சிகளை மட்டும் தனியாகப் படித்துப் பாருங்கள். நான்கையும் வரிசை மாற்றிப் போட்டாலும் ஒன்றும் கெடவில்லை என்றால் அவை நான்கு பல்லவியல்ல, ஒரே பல்லவியின் நான்கு நகல்கள். நம்முடையதில் கதவைக் கழற்றிய பிறகு சிறுமி உட்கார முடியாது. வரிசை பூட்டிக்கொண்டுவிட்டது.

அந்தப் பூட்டு படப்பிடிப்புக்கும் உண்டு. கழற்றிய பழைய கதவைத் திரும்ப மாட்டினால் கீல் கொஞ்சமாவது தள்ளும், ஃப்ரேமில் காட்டிக்கொடுக்கும். அதனால் முதல் இரண்டு பல்லவியும் முதல் நாள், கதவு கழற்றுவது கடைசி நாள் கடைசியில். நடுவில் முக்காலியை எடுக்காமல் இருக்க முடியாது. லென்ஸ் எது, தரையிலிருந்து எத்தனை அடி, வாசலிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு சாய்வு என்று எழுதி, முக்காலியின் மூன்று கால் பட்ட இடத்திலும் டேப் ஒட்டிவைக்க வேண்டும். வீட்டுக்காரர் பெருக்கும்போது பிய்த்துவிடுவார் என்பதால் அளவு தாளிலும் இருக்கட்டும்.

படப்பிடிப்புக்கு இரண்டு நாள் கேட்டிருந்தால், ஒன்றரை நாளில் முடியுமா என்று தயாரிப்பாளர் கேட்பார். அப்போது பெட்டி கட்டும் காட்சியைக் கொடுத்துவிடலாம். சரணத்துக்குத் திண்ணையில் பாடகர் இருக்கிறார், சமாளித்துவிடுவார். தச்சரை மட்டும் விட்டுக்கொடுக்கக்கூடாது.