மூன்று நிமிட வழியனுப்பு

பிளஸ் டூ செய்முறைத் தேர்வுகள் முடிந்து பொதுத்தேர்வு நெருங்கும்போது கிடைக்கும் ஓர் அரைநாளில்தான் நம் மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் வழியனுப்பு விழா நடக்கிறது. பந்தல், பலகாரம், பாட்டு எல்லாம் பிளஸ் ஒன் பிள்ளைகளின் பொறுப்பு. அந்த விழாவில் இளையவர்கள் எல்லோர் சார்பிலும் மூத்தவர்களைப் பார்த்து ஒருவர் பேச வேண்டும். அது பெரும்பாலும் மாணவர் தலைவர். பல பள்ளிகளில் எஸ்.பி.எல். என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். அவருக்குக் கிடைப்பது நான்கைந்து நிமிடம். அதில் மூன்று நிமிடத்துக்கு எழுதினால் போதும், கைதட்டலும் தடுமாற்றமும் மீதியை எடுத்துக்கொள்ளும்.

மேடையில் நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 80, 90 தமிழ்ச் சொற்கள்தான் போகும். ஆக மூன்று நிமிடம் என்பது சுமார் 250 சொற்கள், நோட்டுப் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம். இந்தக் கணக்குத் தெரியாமல் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வரும் பிள்ளைகள், நேரம் போவதைப் பார்த்து மேடையிலேயே வேகத்தைக் கூட்டுகிறார்கள். உருக்கமாக எழுதிய பகுதி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். ஓட்டமாக ஓடிப்போவது அதுதான்.

இந்தப் பேச்சு கெட்டுப்போவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் பேச்சுப்போட்டி. நன்றாகப் பேசுகிற மாணவர் என்றால் ஆறாம் வகுப்பிலிருந்தே போட்டிகளுக்குப் போய் வந்தவராக இருப்பார். அண்ணா காலத்திலிருந்து நம் மேடைகளில் ஊறிப்போன அடுக்குமொழி அவருக்குக் கைவந்திருக்கும். குரலை எங்கே உயர்த்த வேண்டும், கையை எப்போது நீட்ட வேண்டும் என்று தெரிந்திருக்கும். போட்டியில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் நடுவர்கள். அவர்களுக்கு இவரைத் தெரியாது, இவருக்கும் அவர்களைத் தெரியாது. வழியனுப்பு விழாவில் எதிரே இருப்பவர்களோ இவரோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். அவர்கள் முன்னால் போய், "கல்விக் கூட்டை விட்டுக் கனவு வானில் பறக்கப்போகும் பறவைகளே" என்று முழங்கினால் கைதட்டுவார்கள், ஆனால் அது தங்களைப் பற்றிய பேச்சு என்று ஒருவருக்கும் தோன்றாது. எந்த ஊரில், எந்த ஆண்டு, யாரிடம் சொன்னாலும் பொருந்துகிற வரி அது.

ஆகவே எழுத உட்காரும் முன் விசாரிக்க வேண்டும். மாணவர் தலைவருக்குத் தெரிந்தது அவருடைய வகுப்பும் அவருடைய நண்பர்களும்தான். அறிவியல் பிரிவில் படிப்பவருக்கு வணிகவியல் பிரிவு அண்ணன்கள் என்ன செய்தார்கள் என்று தெரியாது. தொழிற்கல்விப் பிரிவு பல பள்ளிகளில் வேறு கட்டடத்திலேயே இருக்கும். விழாவுக்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு பேரிடம், ஆறாம் ஏழாம் வகுப்புச் சின்னப் பிள்ளைகளிடம், ஆய்வக உதவியாளரிடம், வாசலில் இருக்கும் காவலரிடம் ஒரே கேள்வி கேட்டால் போதும்: "பிளஸ் டூ அண்ணன் அக்கா யாராவது உங்களுக்கு ஏதாவது செஞ்சாங்களா?" அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கேட்டால், நல்லவர்கள் என்ற ஒரே பதில்தான் வரும். என்ன செய்தார்கள் என்று கேட்டால்தான் கதை வரும்.

ஒரு சிற்றூர் அரசு மேல்நிலைப் பள்ளியை நினைத்துக்கொள்வோம். மாணவர் தலைவி பிளஸ் ஒன் படிக்கும் பெண். விசாரித்ததில் அவளுக்கு ஏழெட்டுச் செய்திகள் கிடைக்கின்றன. அவற்றில் மூன்றை எடுத்துக்கொண்டு அவள் எழுதியது இப்படி இருக்கலாம்:

"அனைவருக்கும் வணக்கம். தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியர்களே, எங்கள் அண்ணன்மாரே, அக்காமாரே.

நாங்கள் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது எங்களில் பாதிப்பேருக்கு இந்தப் பள்ளி புதிது. வேதியியல் ஆய்வகத்தில் முதல் நாள் பியூரெட்டைத் திறந்தபோது என் கை நடுங்கியது. கரைசல் ஒரேயடியாக அடர் ரோஸ் ஆகிவிட்டது. மறுபடி செய்தேன், மறுபடியும் அப்படியே. ரெக்கார்டு முடிக்க வந்திருந்த ஓர் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். 'அவசரப்படாத, சொட்டு சொட்டா விடு. லேசா ரோஸ் வந்து நின்னுட்டா போதும்' என்றார். அடுத்த முறை நின்றது. அந்த அக்கா இன்று இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

மழையில் கீழ்த்தள வகுப்புகளுக்குள் தண்ணீர் வந்தபோது ஆறாம் வகுப்புப் பெஞ்சுகளை மாடிக்குத் தூக்கிப் போனவர்கள் வணிகவியல் பிரிவு அண்ணன்கள். யாரும் சொல்லி அவர்கள் செய்யவில்லை. கோ-கோ போட்டியில் தோற்றுத் திரும்பிய அக்காமார், அடுத்த வாரமே எங்களுக்காக மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். தோற்றதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார்கள்.

இதையெல்லாம் செய்தபோது உங்களுக்கு அது பெரிதாகத் தோன்றியிருக்காது. எங்களுக்கு அதுதான் இந்தப் பள்ளி. ஜூன் மாதம் புதிதாக யாராவது வந்து ஆய்வகத்தில் கை நடுங்க நின்றால், பக்கத்தில் நாங்கள் நிற்போம்.

தேர்வு முடியும்வரை மாலை ஐந்தரை வரை நூலகம் உங்களுக்குத் திறந்திருக்கும் என்று தலைமையாசிரியர் சொல்லச் சொன்னார். படிக்க வாருங்கள். நீங்கள் செய்த எல்லாவற்றுக்கும் நன்றி, அண்ணா. நன்றி, அக்கா. போய் வாருங்கள்."

இதில் ஒருவர் பெயர்கூட இல்லை. அது தெரிந்தே செய்தது. எண்பது பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இரண்டு பெயரைச் சொன்னால் மற்றவர்கள் தம் பெயருக்குக் காத்திருப்பார்கள், வராதபோது மனம் சுருங்கும். செயலை மட்டும் சொன்னால் தெரிந்தவர்கள் தாமாகவே அந்த அக்காவின் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி நான்கு தலைகள் திரும்பினால் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது என்று மேடையில் நிற்பவளுக்கே தெரியும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வழக்கமான பேச்சுகளில், "ஆறாம் வகுப்பில் சின்னஞ்சிறு பிள்ளைகளாக நீங்கள் காலெடுத்து வைத்த நாள்" என்று ஒரு வரி கட்டாயம் வரும். நம் மேல்நிலைப் பள்ளிகளில் கணிசமான பிள்ளைகள் சுற்று வட்டார உயர்நிலைப் பள்ளிகளில் பத்தாவது முடித்துவிட்டு பிளஸ் ஒன்னில் சேர்கிறவர்கள். அந்த ஒரு வரி அவர்களை விழாவுக்கு வெளியே நிறுத்திவிடும். இரண்டே ஆண்டு படித்தவருக்கும் பொருந்துகிற நினைவாகப் பார்த்து எடுப்பது நல்லது. மூன்று பிரிவுகளில் இரண்டு பிரிவாவது பேச்சுக்குள் வர வேண்டும். அறிவியல் பிரிவைச் சுற்றியே பேச்சு நடந்தால் பின்வரிசையில் சலசலப்புக் கேட்கும்.

விளிப்பைச் சுருக்குவதில் பெரியவர்கள் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வரவேற்புரையில் ஒருமுறை எல்லோர் பெயரும் பதவியும் சொல்லியாகிவிட்டது. மாணவர் தலைவரும் மாவட்ட அலுவலர் முதல் பெற்றோர் ஆசிரியர் கழகப் பொருளாளர் வரை அடைமொழியோடு அழைத்தால் மூன்றில் ஒரு நிமிடம் அதற்கே போய்விடும். பேச்சு விருந்தினருக்கு இல்லை. நெஞ்சில் ரிப்பன் பூ குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்தப் பிள்ளைகளுக்கு.

மொழி விஷயத்தில் பிள்ளைகள் குழம்புவதும் நியாயம்தான். மேடை ஏறினால் எழுத்துத் தமிழ், இறங்கினால் பேச்சுத் தமிழ் என்று பழகிவிட்டோம். பேச்சின் உடல் எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும். ஆனால் யாராவது சொன்னதை எடுத்துச் சொல்லும்போது அவர் சொன்னபடியே சொல்ல வேண்டும். அந்த அக்கா, "அவசரம் கொள்ளாதே, துளித்துளியாக விடுவாயாக" என்று பேசியதாகச் சொன்னால் கூட்டம் சிரித்துவிடும், அக்காவும் அடையாளம் தெரியாமல் போய்விடுவார். "சொட்டு சொட்டா விடு" என்றதும் அவருடைய குரலே கேட்கும்.

பொதுத்தேர்வுக்கு முன்னால் நிற்கும் பிள்ளைகளிடம், "நீங்கள் அனைவரும் நூற்றுக்கு நூறு எடுப்பீர்கள்" என்று சொல்வதை நான் விரும்புவதில்லை. திருப்புதல் தேர்வில் தவறியவர்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு அது வாழ்த்தாக இராது, சுமையாக இருக்கும். நூலகம் திறந்திருக்கும் என்ற செய்தி அவர்களுக்கும் உதவும். ஆனால் இதைத் தலைமையாசிரியரிடம் கேட்டு உறுதி செய்யாமல் மேடையில் அறிவிக்கக் கூடாது. உதவி எதையும் ஏற்பாடு செய்ய முடியாவிட்டால் தேர்வைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடலாம், அவர்களுக்கே அது எந்நேரமும் நினைவிலிருக்கிறது. அந்த வகுப்பில் ஒரு பிள்ளை இறந்திருந்தால், முன்கூட்டியே வகுப்பாசிரியர் வழியாகப் பெற்றோரிடம் கேட்க வேண்டும். அவர்கள் சம்மதித்தால் மட்டும் பெயரைச் சொல்லி, பேச்சின் நடுவில் இரண்டு வாக்கியத்தில் நினைவுகூரலாம். முடிவில் வைத்தால் பிறகு வரும் பாட்டுக்காரப் பிள்ளைகள் மேடை ஏற முடியாமல் தவிப்பார்கள்.

எழுதியதை மனப்பாடம் செய்யச் சொல்லி வீட்டில் வற்புறுத்த வேண்டாம். ஒரு சொல் மறந்தால் மொத்தமும் அறுந்துபோகும். முழுத்தாளும் வேண்டாம், கை நடுங்கும்போது தாள் படபடக்கும் சத்தத்தை மைக் பெரிதாக்கிவிடும். உள்ளங்கை அளவு கெட்டி அட்டைகள் ஐந்து போதும். வணக்கம் ஒன்றில், ஆய்வகம் ஒன்றில், பெஞ்சும் கோ-கோவும் ஒன்றில், ஜூன் மாதம் ஒன்றில், நன்றி ஒன்றில், பெரிய எழுத்தில். முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் நெட்டுருப் போட்டுக்கொண்டால், தொடங்கும்போதும் முடிக்கும்போதும் எதிரே இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசலாம். விழாவுக்கு முந்தின நாள் வெற்று மேடையில் ஒருமுறை மைக் பிடித்துப் பேசிப் பார்க்க வேண்டும். மைக் வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி இருக்கட்டும். மைக்கோடு ஒலிபெருக்கிப் பெட்டிக்கு எதிரே போய் நின்றால் ஊ என்று ஊளையிடும், ஆகவே பெட்டிக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

அழுகை வரும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. வந்தால் வரட்டும். எந்த வரியில் தொண்டை அடைக்கும் என்பது வீட்டில் உரக்கப் படிக்கும்போதே தெரிந்துவிடும். அந்த வரியைச் சிறியதாக வெட்டி, அதற்குப் பிறகு புதிய அட்டை தொடங்கும்படி அமைத்துக்கொள்ள வேண்டும். குரல் உடைந்தால் மன்னிப்புக் கேட்டு அதையே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. மைக்கைச் சற்று இறக்கி, மூச்சை இழுத்துவிட்டு, அடுத்த அட்டையை எடுத்து அதன் முதல் வரியிலிருந்து பேசலாம். அதுவரை அண்ணன்களும் அக்காமாரும் காத்திருப்பார்கள்.