சர்டிஃபைட் டிரெய்னரா? யார் கொடுத்த சர்டிபிகேட்?

போலீஸ் தேர்வில் கயிறு ஏற வேண்டும், 1500 மீட்டர் ஓட வேண்டும் என்று வத்திராயிருப்புப் பக்கத்துப் பையன்கள் ஜிம்மில் மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிடுகிறார்கள். சுவரில் 'சர்டிஃபைட் டிரெய்னர்' என்று இருக்கும். யார் கொடுத்த சர்டிபிகேட் என்ற கேள்வி தோள்பட்டை பிடித்துக்கொண்ட பிறகுதான் வருகிறது. பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்.

ஜிம் பயிற்சியாளர் ஆவதற்கென்று நம் நாட்டில் கட்டாய உரிமம் கிடையாது. அதனால் சான்றிதழ் இல்லாதவர் சொல்லிக்கொடுப்பதே தவறாகிவிடாது. இல்லாத தகுதியை இருப்பதாகச் சொல்லிப் பணம் வாங்குவதுதான் தவறு.

ஒருநாள் பயிலரங்கில் 'பங்கேற்றார்' என்று தரும் தாளும், தேர்வு வைத்துத் தரும் சான்றிதழும் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டால் தூரத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும். கிட்டப் போய்ப் படியுங்கள். கொடுத்த அமைப்பு எது, தேர்ச்சியா பங்கேற்பா, எந்தத் தேதி வரை செல்லும்? உதாரணமாக, அமெரிக்காவின் ஏ.சி.இ. சான்றிதழை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பயிற்சியாளர் பெயரை அந்த அமைப்பின் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். ஆணழகன் போட்டிப் பதக்கம் அவர் உடம்புக்குக் கிடைத்தது, கற்பிக்கும் தகுதிக்கு அல்ல.

நேர்மையான பயிற்சியாளர் தன்னைப் பற்றி இப்படி எழுதலாம்: "எட்டு ஆண்டாகப் பயிற்சி தருகிறேன். தேர்வு எழுதிப் பெற்ற சான்றிதழ் ஒன்று உண்டு, எண்ணும் முடியும் தேதியும் கீழே. நான் உணவியல் படித்தவனல்ல, பிசியோதெரபிஸ்டும் அல்ல. சர்க்கரை, இதய நோய், முதுகுவலி உள்ளவர்கள் டாக்டர் கடிதத்தோடு வரவும்." இப்படி எழுதுபவரிடம் தயங்காமல் சேரலாம்.

ஏமாந்துவிட்டால் சண்டை போட்டுப் பயனில்லை. போர்டையும் நோட்டீசையும் படம் எடுத்து வையுங்கள். சொன்ன தகுதி பொய், கட்டிய பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று பதினைந்து நாள் அவகாசம் கொடுத்துக் கடிதம் எழுதி, ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதிலும் தீராவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள விருதுநகர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. புகார் மனு, உறுதிமொழிப் பத்திரம், ரசீது, படங்கள், அனுப்பிய கடிதத்தின் நகல் இவையே வேண்டியவை. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. ஜிம் வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

இத்தனைக்கும் ரசீது முக்கியம். 'தெரிஞ்ச அண்ணன்தானே' என்று ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். கேட்டும் தர மறுத்தால், அந்த மறுப்பே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகச் செயல். அப்படிப்பட்ட இடத்தில் ஜிபே வழியாகக்கூடப் பணம் போடாமல் திரும்பி வந்துவிடுங்கள்.